கிப்ஸ்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் தொடர்பு: பரீட்சையில் நிறுவுவது முதல் நுவரெலியாவில் நீர் கொதிக்கும் வெப்பநிலை வரை

உயர்தரத்தில் தமிழ் மூலம் இரசாயனவியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் முதலாம் வருட விடுமுறையில் ஹட்டனில் என் வகுப்புக்கு வருவார்கள். பௌதிக இரசாயனப் பகுதியில் அவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இந்தத் தொடர்பு. நிறுவல் நான்கே வரி. என்றாலும், எந்த வரி எல்லாச் சந்தர்ப்பத்திலும் உண்மை, எந்த வரி ஒரு எடுகோளின் மேல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் மனப்பாடம் செய்வதால், வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டதும் பேனா நின்றுவிடுகிறது. அந்தப் பிரிவைக் கண்முன் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விடயங்கள் போதும். முதலாவது வரைவிலக்கணம்:

```
G = H − TS
```

இரண்டாவது, அமுக்கம் மாறாதபோது கிப்ஸ் சக்தி வெப்பநிலையோடு மாறும் வீதம்:

```
(∂G/∂T)_p = −S
```

மூன்றாவது, கணிதப் பாடத்தில் படித்த பெருக்கல் விதி.

இரண்டாவது கூற்று எங்கிருந்து வருகிறது என்று எழுதச் சொன்னால் பலர் G = H − TS ஐ எடுத்து, H ஐயும் S ஐயும் மாறிலியாக வைத்து வகையிட்டு, "−S வந்துவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். விடை சரி, காரணம் பிழை. வெப்பநிலை மாறினால் H உம் மாறும், S உம் மாறும். ஒழுங்காக வகையிட்டால் வருவது இது:

```
(∂G/∂T)_p = Cp − S − T(Cp/T) = −S
```

H மாறுவதால் வரும் Cp ஐ, S மாறுவதால் வரும் T(Cp/T) சரியாக வெட்டிவிடுகிறது. இந்த வெட்டுப்படுதலை ஒரு தடவை சொந்தக் கையால் எழுதிப் பாருங்கள். பின்னால் ஆறாம் படியில் இது மீண்டும் தேவைப்படும். பரீட்சையில் சுருக்கமாக எழுத வேண்டுமானால் dG = V dp − S dT என்று தொடங்கி, அமுக்கம் மாறாததால் dp = 0 என்று ஒரு வரி எழுதினால் போதும்.

## 2. ஏன் G ஐ T ஆல் வகுக்கிறோம்

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் நிறுவல் தானாக நினைவில் நிற்கும்.

மேலுள்ள இரண்டு கூற்றிலிருந்தும் S ஐ நீக்கிப் பாருங்கள். S = (H − G)/T என்பதால்,

```
(∂G/∂T)_p = (G − H)/T
```

G எப்படி மாறுகிறது என்று அறியப் போனோம். வலப்பக்கத்திலும் அதே G வந்து நிற்கிறது. வெப்பநிலையோடு சேர்ந்து அதுவும் மாறுவதால் நேராகத் தொகையிட வழியில்லை. அதனால் G உள்ள உறுப்புகளை எல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்து, முழுவதையும் T ஆல் வகுக்கிறோம்:

```
(1/T)(∂G/∂T)_p − G/T² = −H/T²
```

இடப்பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். G ஐயும் 1/T ஐயும் பெருக்கி வகையிட்டால் வருவது அதுதான். ஆக G ஐத் தனியே பாராமல் G/T என்ற ஈவைப் பார்த்தால், வலப்பக்கத்தில் G இல்லாமல் H மட்டும் மிஞ்சுகிறது. T ஆல் வகுப்பதற்கு வேறு காரணம் இல்லை.

## 3. விடைத்தாளில் எழுதும் ஒழுங்கு

இரண்டாம் படியில் வந்த வழி விளங்கிக்கொள்ள நல்லது. பரீட்சையில் அதையே எழுதினால் "T ஆல் வகுக்க வேண்டும்" என்ற எண்ணம் நடுவில் வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும், வரிகளும் கூடும். அதனால் நான் மறுபக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். நிறுவ வேண்டிய ஈவையே எடுத்து வகையிடுங்கள்:

```
(∂(G/T)/∂T)_p = (1/T)(∂G/∂T)_p − G/T²
              = −S/T − G/T²
              = −(TS + G)/T²
              = −H/T²
```

முதல் வரி பெருக்கல் விதி. இரண்டாவதில் −S ஐப் பிரதியிட்டோம். மூன்றாவதில் T² ஐப் பொதுப் பகுதியாக்கினோம். நான்காவதில் TS + G = H என்ற வரைவிலக்கணம் வேலை செய்கிறது. இப்படி வந்த கூற்றே கிப்ஸ்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்தக் காரணத்தை இரண்டு சொல்லிலாவது எழுதுங்கள்.

போன வருடம் ஒரு மாணவியின் தாளில் முதல் வரியே (1/T)(∂G/∂T)_p என்று மட்டும் இருந்தது. 1/T ஐ மாறிலி போல வெளியே எடுத்துவிட்டாள். அடுத்த வரி −S/T. அதற்குப் பிறகு அரைப்பக்கம் வெட்டி வெட்டி எழுதியும் H ஐக் கொண்டுவர முடியவில்லை. "மிஸ், எங்கே பிழைத்தது என்றே தெரியவில்லை" என்றாள். −S/T இல் நீங்கள் நின்றுவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். −G/T² விடுபட்டிருக்கிறது. T ஐப் பொறுத்து வகையிடும்போது 1/T உம் மாறுகிறது.

கீழே எழுதும் p என்ற குறியையும் விட்டுவிடாதீர்கள். அமுக்கம் மாறினால் V dp என்ற உறுப்பும் உள்ளே வரும். அப்போது இந்த நிறுவலின் இரண்டாம் வரியே நிற்காது.

## 4. G இலிருந்து ΔG க்குப் போவது

தாக்கம் ஒன்றுக்குத் தொடக்க நிலையும் இறுதி நிலையும் உண்டு. மூன்றாம் படியில் வந்த கூற்று இரண்டுக்கும் தனித்தனியே பொருந்தும். இரண்டும் ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கலாம்:

```
(∂(ΔG/T)/∂T)_p = −ΔH/T²
```

பலர் எல்லா எழுத்துக்கும் முன்னால் Δ போடுகிறார்கள், T க்கும் சேர்த்து. ΔT என்று இங்கே ஒன்று இல்லை. இரு நிலைகளுக்கும் T ஒன்றுதான்.

சில வினாத்தாள்களில் ΔG = ΔH + T(∂ΔG/∂T)_p என்ற வடிவத்தை நிறுவச் சொல்வார்கள். அது இரண்டாம் படியில் பார்த்த கூற்றே. (∂ΔG/∂T)_p = −ΔS என்று பிரதியிட்டாலே முடிந்துவிடும். வினாவில் எந்த வடிவம் கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

## 5. 1/T இன் சார்பாக எழுதுவது

d(1/T) = −dT/T² என்பதால், அதே கூற்றை இப்படியும் எழுதலாம்:

```
(∂(ΔG/T)/∂(1/T))_p = ΔH
```

மறைக்குறியும் T² உம் மறைந்துவிட்டன. ΔG/T ஐ நிலைக்குத்து அச்சிலும் 1/T ஐக் கிடை அச்சிலும் குறித்தால், வளையியின் படித்திறனே ΔH. வரைபு வினா வந்தால் இந்த வடிவம்தான் உதவும். −ΔH/T² வடிவத்தில் இருந்துகொண்டு படித்திறன் தேடினால் குறி மாறிப்போகும்.

## 6. எடுகோள் உள்ளே வரும் இடம்

இதுவரை எழுதிய எந்த வரியிலும் "ΔH மாறிலி" என்று நாம் சொல்லவில்லை. முதலாம் படியில் Cp வெட்டுப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ΔH வெப்பநிலையோடு எவ்வளவு மாறினாலும் ஐந்தாம் படி வரையுள்ள எல்லாம் அப்படியே உண்மை. எந்த வெப்பநிலையில் வகையீட்டுக்கெழு எடுக்கிறோமோ, அந்த வெப்பநிலைக்குரிய ΔH வலப்பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

"ΔH வெப்பநிலையில் தங்கியிருந்தால் கிப்ஸ்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு செல்லுபடியாகுமா?" என்ற வினாவுக்கு வகுப்பில் பாதிப் பேர் "ஆகாது" என்று எழுதுகிறார்கள். செல்லுபடியாகும் என்பதே விடை.

எடுகோள் தேவைப்படுவது தொகையிடும்போது. T₁ இலிருந்து T₂ வரை தொகையிட, ΔH ஐத் தொகையீட்டுக் குறிக்கு வெளியே எடுக்க வேண்டும். "இந்த வெப்பநிலை வீச்சில் ΔH மாறிலி எனக் கொள்க" என்ற வசனத்தைச் சரியாக இந்த இடத்தில் எழுதுங்கள். நிறுவலின் தலைப்பில் எழுதினால் முழு நிறுவலும் அண்ணளவு என்று நீங்களே சொன்னதாகிவிடும். எழுதாமலே விட்டால் அடுத்த வரிக்குக் காரணம் இல்லை.

```
ΔG₂/T₂ − ΔG₁/T₁ = ΔH (1/T₂ − 1/T₁)
```

## 7. சமநிலை மாறிலியோடு இணைப்பது

ΔG° = −RT ln K. இரு பக்கமும் T ஆல் வகுத்தால் ΔG°/T = −R ln K. கிப்ஸ்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூற்றில் வைத்தால்:

```
d(ln K)/dT = ΔH°/(RT²)
```

இதுவே வான்ட் ஹொஃப் சமன்பாடு. இங்கே ∂ போய் சாதாரண d வந்ததைக் கவனித்தீர்களா? ΔG° எப்போதும் நியம அமுக்கத்துக்கே வரையறுக்கப்படுகிறது. அமுக்கம் ஏற்கெனவே நிலைநிறுத்தப்பட்டிருப்பதால் அது வெப்பநிலையின் சார்பு மட்டுமே. இதை ஒரு வரி எழுதிக் காட்டும் பிள்ளைகள் குறைவு. எழுதினால் விளங்கிப் படித்தவர் என்று தெரியும்.

## 8. ஒரு கணக்கு: நுவரெலியாவில் நீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளிமண்டல அமுக்கம் சுமார் 0.80 atm. நீர் ஆவியாதலை ஒரு தாக்கமாக எழுதுவோம்:

```
H2O(l) ⇌ H2O(g)     K = p/p°     p° = 1 atm
```

திரவம் தூய்மையானதால் K இல் அது தோன்றாது. ஆவியின் அமுக்கம் மட்டும் நிற்கும். ஆவியமுக்கம் வெளி அமுக்கத்துக்குச் சமமாகும்போது நீர் கொதிக்கிறது. ஆகவே 1 atm இல் K = 1, T₁ = 373.15 K. நுவரெலியாவில் K = 0.80, T₂ ஐக் காண வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல சந்தேகம் எழும். "மிஸ், அமுக்கம் மாறாது என்று வைத்துத்தானே நிறுவினோம். இங்கே அமுக்கம் 1 இலிருந்து 0.80 க்கு மாறுகிறதே?" மாறுவது ஆவியின் உண்மையான அமுக்கம். அது K க்குள் இருக்கிறது. நாம் வகையிட்டது ΔG° ஐ. அது 94 பாகையிலும் 100 பாகையிலும் 1 atm நியம அமுக்கத்துக்கே உரியது. நிறுவலில் மாறாமல் வைத்த அமுக்கமும் கணக்கில் மாறுகிற அமுக்கமும் வெவ்வேறு.

வான்ட் ஹொஃப் சமன்பாட்டைத் தொகையிட்டால்:

```
ln(K₂/K₁) = −(ΔH°/R)(1/T₂ − 1/T₁)

1/T₂ = 1/T₁ − (R/ΔH°) ln(K₂/K₁)
```

நீரின் ஆவியாதல் வெப்பவுள்ளுறை 100 °C இல் 40.7 kJ mol⁻¹. R இன் அலகு யூலில் இருப்பதால் இதை 40700 J mol⁻¹ என்று மாற்றிவிட்டே பிரதியிடுங்கள். ln 0.80 = −0.2231.

```
1/T₂ = 1/373.15 + (8.314 × 0.2231)/40700
     = 0.00267989 + 0.00004558
     = 0.00272547
T₂   = 366.9 K = 93.8 °C
```

நுவரெலியாவில் உறவினர் வீட்டு அடுப்பில் கேத்தல் கொதிக்கும்போது ஆய்வுகூட வெப்பமானி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறேன். இரசம் 94 க்குப் பக்கத்தில் நின்றது. எவ்வளவு விறகு தள்ளினாலும் அதற்கு மேல் ஏறவில்லை.

குறியில் பிழைவிட்டு இரண்டாம் உறுப்பைக் கழித்தால் 106 பாகைக்கு மேல் வரும். மேலே போகப் போகப் பருப்பு வேக நேரமெடுக்கும் என்பது மலையகத்தில் சமைத்த எல்லோருக்கும் தெரியும். விடை எழுதியதும் அந்த அனுபவத்தோடு ஒத்துப் பாருங்கள். 100 ஐத் தாண்டிய விடை இங்கே நிச்சயம் பிழை.

## 9. எடுகோள் எவ்வளவு தூரம் தாங்கும்

மேலுள்ள கணக்கில் வெப்பநிலை வீச்சு ஆறு பாகை. அதற்குள் ΔH° மாறுவது ஏறத்தாழ 0.3 kJ தான். விடையில் தெரியாது. வீச்சைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? 25 °C இல் நீர் ஆவியாதலின் ΔG° ஐக் கணிப்போம். 373.15 K இல் ΔG° = 0 என்பதால் ஆறாம் படியின் சமன்பாடு இவ்வளவாகச் சுருங்கும்:

```
ΔG°/298.15 = ΔH° (1/298.15 − 1/373.15)
```

ΔH° = 40.7 kJ என்று 100 °C க்குரிய பெறுமானத்தை இட்டால் ΔG° = 8.18 kJ mol⁻¹. 25 °C க்குரிய 44.0 kJ ஐ இட்டால் 8.84. இரண்டில் எது சரி என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. 25 °C இல் நீரின் ஆவியமுக்கம் 3.17 kPa. −RT ln(3.17/101.3) ஐக் கணித்தால் 8.59 kJ வரும். அதாவது இரண்டுமே சற்று விலகியவை. உண்மையான பெறுமானம் நடுவில் இருக்கிறது. இரு ΔH° களின் சராசரியான 42.35 ஐ இட்டால் 8.51 வந்து, உண்மைக்கு ஒரு வீதத்துக்குள் நெருங்கிவிடும்.

சமன்பாடு பிழைக்கவில்லை. 75 பாகை தூரத்துக்கு ΔH° ஐ மாறிலியாக வைத்ததுதான் பிழைத்தது. ஆறாம் படியில் அந்த வசனத்தை எழுதும் இடம் ஏன் முக்கியம் என்பது இந்த எண்களில் தெரிகிறது. வினாவில் ΔCp தந்திருந்தால் மாறிலி எனக் கொள்ளக் கூடாது என்பதற்கு அது அடையாளம். அப்போது தொகையிடுவதற்கு முன் இதைப் பிரதியிட வேண்டும்:

```
ΔH(T) = ΔH(T₁) + ΔCp (T − T₁)
```

தொகையிட்ட பிறகு பிரதியிடுபவர்கள் உண்டு. ΔH ஐ மாறிலி என்று வெளியே எடுத்து முடித்துவிட்டு, பிறகு மாறும் கோவையை உள்ளே வைப்பது ஒன்றோடொன்று முரணானது.

## 10. நீங்களே செய்து பார்க்க

ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரம். அமுக்கத்தை 0.775 atm என எடுத்து, எட்டாம் படியில் செய்ததைப் போலவே நீரின் கொதிநிலையைக் காணுங்கள். விடை 92.9 °C.

வேறு விடை வந்தால் அந்த எண்ணே பிழையைக் காட்டிக்கொடுக்கும். 107 பாகை வந்தால் குறி மாறியிருக்கிறது. 18 K போன்ற ஒரு எண் வந்தால் கிலோயூலை யூலாக மாற்றவில்லை. 97 க்குப் பக்கத்தில் வந்தால் கணிப்பானில் ln க்குப் பதிலாக log ஐ அழுத்தியிருக்கிறீர்கள். 90 பாகை வந்தால் 1/373.15 ஐ 0.0027 என்று சுருக்கிவிட்டீர்கள். கூட்டும் எண் 0.00005 அளவில் இருக்கும்போது முதல் எண்ணை அப்படிச் சுருக்கினால், சுருக்கத்தில் வரும் வழு கூட்டும் எண்ணின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தலைகீழ் எண்களைக் கடைசி வரை எட்டுத் தசமதானத்தில் வைத்திருந்து, T₂ ஐக் கண்ட பிறகே மட்டந்தட்டுங்கள்.